ஓய்வுபெற்றோருக்கான மாத வட்டி நிலையான வைப்பு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மாத வட்டி வைப்பு எண்டால் என்ன? முதலுக்கு ஒண்டும் நடக்காதோ?

நீங்கள் ஒரு தொகையைக் குறிப்பிட்ட காலத்துக்கு வங்கியில் வைக்கிறீர்கள். அந்தக் காலம் முடியும்வரை வட்டி மாதாமாதம் உங்கள் சேமிப்புக் கணக்குக்கு வந்து சேரும். காலம் முடியும் நாளில் வைத்த தொகை அப்படியே திரும்பக் கிடைக்கும். வைத்த நாளில் எழுதிய வட்டி வீதம் இடையில் மாறாது. வெளியில் வட்டி இறங்கினாலும் உங்கள் சான்றிதழில் உள்ள வீதம்தான் கடைசி நாள்வரை கிடைக்கும். வெளியில் ஏறினாலும் அதேதான்.

முதல் குறைவதற்கு இரண்டு வழிகள்தான் உண்டு. ஒன்று, நீங்களே காலத்துக்கு முன் வைப்பை உடைப்பது. மற்றது, பணத்தை வைத்த நிறுவனமே விழுந்துவிடுவது. இரண்டையும் பற்றிக் கீழே விரிவாகச் சொல்லியிருக்கிறோம்.

கையில 30 லட்சம் இருக்கு. மாதம் எவ்வளவு வரும்?

வீதம் வங்கிக்கு வங்கி, மாதத்துக்கு மாதம் மாறும். அதனால் இந்தப் பக்கம் முழுவதும் ஒரே ஓர் எடுத்துக்காட்டு வீதத்தை வைத்துக் கணக்குப் பார்ப்போம். மாத வட்டிக்கு வருடம் 7.8 சதவீதம் என்று எடுத்துக்கொள்ளுங்கள். 30 லட்சத்துக்கு வருடத்தில் 234,000 ரூபா. அதைப் பன்னிரண்டால் பிரித்தால் மாதம் 19,500 ரூபா. வரி பிடிப்பதற்கு முன் உள்ள தொகை இது.

உங்கள் வங்கி எந்த வீதம் சொன்னாலும் இந்தக் கணக்கை நீங்களே போடலாம். தொகையை வீதத்தால் பெருக்கி 100ஆல் பிரியுங்கள், பிறகு 12ஆல் பிரியுங்கள்.

சில வங்கிகள் வட்டியை நாட்கணக்கில் போடும். அப்போது மாதா மாதம் ஒரே தொகை வராது. 10 லட்சத்துக்கு 31 நாள் மாதத்தில் 6,624 ரூபாவும் சில சதமும், 30 நாள் மாதத்தில் 6,410 ரூபாவும், பெப்ரவரியில் 5,983 ரூபாவும் வரும். மார்ச் தொடக்கத்தில் வங்கிப் புத்தகத்தைப் பார்த்துவிட்டு "வட்டியைக் குறைச்சுப் போட்டாங்கள்" என்று வருபவர்கள் ஒவ்வொரு வருடமும் உண்டு. யாரும் குறைக்கவில்லை, மாதம்தான் குறுகியது.

பக்கத்து வீட்டு அண்ணைக்கு 8.1 சதவீதம் குடுக்கினம். எனக்கு ஏன் 7.8?

அவர் வட்டியை வருட முடிவில் ஒரேயடியாக எடுக்கிறவராக இருக்கும். அவருடைய வட்டி பன்னிரண்டு மாதமும் வங்கியிலேயே கிடக்கிறது, உங்களுடையது மாதாமாதம் கைக்கு வருகிறது. வித்தியாசம் அதற்குத்தான். மாதம் வரும் வட்டியைச் செலவழிக்காமல் அதே வீதத்தில் திரும்பத் திரும்ப வைத்துக்கொண்டு போனால், 7.8 சதவீதமும் வருட முடிவில் ஏறக்குறைய 8.1 சதவீதமாகத்தான் வந்து நிற்கும். அவருக்கும் உங்களுக்கும் உண்மையில் ஒரே விலைதான்.

எனவே இரண்டு வங்கிகளை ஒப்பிடும்போது மாத வட்டியை மாத வட்டியோடுதான் ஒப்பிட வேண்டும். விளம்பரப் பலகையில் பெரிய எழுத்தில் இருப்பது பெரும்பாலும் வருட முடிவு வீதம். கவுண்டரில் கேட்க வேண்டிய கேள்வி இதுதான்: "ஒரு வருடத்துக்கு, மாதாமாதம் வட்டி எடுத்தால், என்ன வீதம்?" 60 வயது கடந்தவர்களுக்குக் கூடுதல் வீதம் உண்டா என்பதையும் சான்றிதழ் அச்சடிக்க முன்னரே கேளுங்கள். அச்சடித்த பிறகு மாற்றுவது பெரும்பாடு.

வங்கி விழுந்தால் என்ர காசுக்கு யார் பொறுப்பு?

இலங்கை மத்திய வங்கியின் உரிமம் பெற்ற வங்கிகளிலும் நிதிக் கம்பனிகளிலும் உள்ள வைப்புகளுக்கு இலங்கை வைப்புக் காப்புறுதித் திட்டம் உண்டு. நிறுவனத்தின் உரிமம் இரத்துச் செய்யப்பட்டால், ஒருவருக்கு ஒரு நிறுவனத்தில் 11 லட்சம் ரூபா வரை இந்தத் திட்டம் தரும். இதற்கு நீங்கள் தனியாகப் பணம் கட்டத் தேவையில்லை, நிறுவனம்தான் கட்டுகிறது.

இதில் இரண்டு இடங்களில் ஆட்கள் பிழையாக விளங்கிக்கொள்கிறார்கள். முதலாவது, 11 லட்சம் என்பது ஒரு சான்றிதழுக்கு அல்ல. ஒரே வங்கியில் உங்கள் பெயரில் மூன்று சான்றிதழும் ஒரு சேமிப்புக் கணக்கும் இருந்தால், எல்லாவற்றையும் கூட்டித்தான் 11 லட்சம். யாழ்ப்பாணக் கிளையில் ஒன்று, சுன்னாகக் கிளையில் ஒன்று என்று வைத்தாலும் வங்கி ஒன்றுதான், எனவே அதுவும் சேர்த்தே எண்ணப்படும். இரண்டாவது, இந்தத் தொகை முன்னர் 6 லட்சமாக இருந்தது. 2020 மே மாதம் த ஃபினான்ஸ் கம்பனியின் உரிமத்தை மத்திய வங்கி இரத்துச் செய்தபோது அந்த எல்லைதான் நடைமுறையில் இருந்தது. அங்கே 20 லட்சம் வைத்திருந்தவருக்குக் காப்புறுதியால் வந்தது 6 லட்சம். மிச்சத்துக்குக் கம்பனியின் சொத்துகள் விற்கப்படும்வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. 2021இல் எல்லை 11 லட்சமாக உயர்ந்தது.

தேசிய சேமிப்பு வங்கியின் நிலை வேறு. அதன் வைப்புகளுக்கு அரசின் முழு உத்தரவாதத்தை 1971ஆம் ஆண்டின் சட்டமே கொடுக்கிறது.

ஊரில் அதிகம் மறக்கப்படுவது ஒன்று உண்டு. கூட்டுறவுக் கிராமிய வங்கியும் சிக்கனக் கடனுதவிச் சங்கமும் பெயரில் வங்கிபோல் இருந்தாலும், நடப்பில் வங்கிபோல் வேலை செய்தாலும், மத்திய வங்கியின் உரிமத்தின் கீழ் வருபவை அல்ல. எனவே இந்தக் காப்புறுதியும் அங்கே இல்லை. நன்றாக நடக்கும் சங்கங்கள் பல இருக்கின்றன, அவற்றைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. ஆனால் ஓய்வுக்காலப் பணம் முழுவதையும் அங்கே வைப்பது சரியல்ல.

அப்ப 30 லட்சத்தையும் எப்படிப் பிரிச்சு வைக்கிறது?

கொக்குவிலில் கணவன் மனைவி இருவர், சேமலாப நிதியும் பணிக்கொடையுமாக 30 லட்சம், மாதம் மருந்துக்கும் கரண்டுக்கும் சாப்பாட்டுக்கும் பதினைந்தாயிரமாவது உறுதியாக வர வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். பிள்ளைகள் அனுப்பினால் அது மேலதிகம், கணக்கில் சேர்ப்பதில்லை.

முதலில் நிறுவனங்களாகப் பிரியுங்கள். மூன்று உரிமம் பெற்ற வங்கிகள், ஒவ்வொன்றிலும் 10 லட்சம். ஏன் 11 அல்ல, 10? வட்டி வந்து விழும் சேமிப்புக் கணக்கும் அதே வங்கியில்தான் இருக்கும். அந்த மீதியும் எல்லைக்குள் அடங்க ஒரு லட்சம் இடம் விட்டிருக்கிறோம். மூன்றுக்கு மேல் வேண்டாம் என்பது எங்கள் அபிப்பிராயம். எழுபது வயதில் ஐந்து வங்கிப் புத்தகங்களைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறுவது பாதுகாப்பு அல்ல, அலைச்சல். ஆஸ்பத்திரி வீதியிலும் ஸ்ரான்லி வீதியிலும் கிட்டக்கிட்டக் கிளைகள் இருப்பதால், ஒரே நடையில் முடிக்கக்கூடிய மூன்றைத் தெரிவு செய்யுங்கள்.

பிறகு ஒவ்வொரு 10 லட்சத்தையும் ஐந்து ஐந்தாக இரண்டு சான்றிதழ்களாகப் போடச் சொல்லுங்கள். இதற்குக் கட்டணம் ஏதும் இல்லை. மொத்தம் ஆறு சான்றிதழ்கள். ஒன்றை 3 மாதத்துக்கும், இரண்டை 6 மாதத்துக்கும், இரண்டை ஒரு வருடத்துக்கும், ஒன்றை இரண்டு வருடத்துக்கும் வையுங்கள். குறுகிய காலச் சான்றிதழ் முடியும்போது அதை ஒரு வருடத்துக்குப் புதுப்பிக்கலாம். குறுகிய காலத்துக்கு வீதம் சற்றுக் குறைவாக இருப்பது வழக்கம், ஆகவே 19,500 என்பது தொடக்கத்தில் சில நூறு ரூபா குறையலாம். அதற்குப் பதிலாகக் கிடைப்பது என்னவென்றால், எல்லாப் பணமும் ஒரே நாளில் பூட்டப்பட்டு ஒரே நாளில் திறக்கிற நிலை இல்லாமல் போகிறது.

இந்த முப்பது லட்சத்துக்கு வெளியே, இரண்டு மூன்று மாதச் செலவுக்கான பணம் சாதாரண சேமிப்புக் கணக்கில் கிடக்க வேண்டும். அது இல்லாவிட்டால் முதல் காய்ச்சலுக்கே ஒரு சான்றிதழை உடைக்க வேண்டி வரும்.

எல்லாரும் வரி பிடிக்கினம் எண்டு சொல்லினம். ஓய்வுபெற்ற ஆளிட்டையுமோ?

ஆம். 2025 ஏப்ரல் 1 முதல் வட்டியில் 10 சதவீதத்தை வங்கியே கழித்து உள்நாட்டு இறைவரித் திணைக்களத்துக்கு அனுப்புகிறது. அதற்கு முன் இது 5 சதவீதம். 19,500இல் 1,950 போய் 17,550தான் கைக்கு வரும்.

ஆனால் வருடத்தில் 18 லட்சம் ரூபா வரையான வருமானத்துக்கு வருமான வரி இல்லை. எங்கள் கொக்குவில் தம்பதியினரின் வட்டி முழுவதும் சேர்ந்தே 234,000தான். அரச ஓய்வூதியம் வருமான வரிக்கு உட்படாதது, ஆகவே அதை இந்தக் கணக்கில் கூட்ட வேண்டியதில்லை. வருமானம் 18 லட்சத்துக்குள் இருப்பதாக நீங்கள் கையொப்பமிட்டு ஒரு பிரகடனப் படிவத்தை வங்கியில் கொடுத்தால், 10 சதவீதம் கழிக்காமல் விடுவார்கள். வரி அடையாள இலக்கத்தையும் கேட்பார்கள். அது இல்லாவிட்டால் முதலில் இறைவரித் திணைக்களத்தில் பதிந்து பெற வேண்டும்.

படிவத்தில் வழக்கமாக நடக்கும் தவறுகள் எளியவை. மூன்று வங்கியில் பணம் வைத்தவர் ஒரு வங்கியில் மட்டும் படிவம் கொடுக்கிறார், மற்ற இரண்டிலும் தொடர்ந்து கழிக்கிறார்கள். அல்லது போன வருடம் கொடுத்தது போதும் என்று இருந்துவிடுகிறார். வரி ஆண்டு ஏப்ரல் 1இல் தொடங்கி மார்ச் 31இல் முடிகிறது, படிவமும் ஆண்டுக்கு ஆண்டு புதிதாக வேண்டும். சித்திரைப் புத்தாண்டுக்கு முன் மூன்று வங்கிக்கும் ஒரு நடை போய்வந்தால் சரி. ஏற்கெனவே கழித்த பணத்தை வங்கி திருப்பித் தராது, அதற்கு இறைவரித் திணைக்களத்தில்தான் விண்ணப்பிக்க வேண்டும். எங்கள் கணக்கில் இந்த ஒரு படிவத்தின் பெறுமதி வருடத்துக்கு 23,400 ரூபா.

திடீரெண்டு ஒப்பரேசன் வந்தால் இடையில எடுக்க ஏலுமோ?

எடுக்கலாம். ஆனால் மாத வட்டி வைப்பில் எடுத்தால் வைத்ததைவிடக் குறைவாகக் கைக்கு வரும், இதை முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள்.

10 லட்சம் ஒரே சான்றிதழ், ஒரு வருடம், 7.8 சதவீதம். ஏழு மாதம் 6,500 வீதம் 45,500 ரூபா வட்டி வாங்கிச் செலவழித்துவிட்டீர்கள். எட்டாம் மாதம் உடைக்கிறீர்கள். காலத்துக்கு முன் எடுத்தால் குறைந்த வீதம்தான் தருவோம் என்பது நிபந்தனை. அது 3 சதவீதம் என்று வைத்தால் ஏழு மாதத்துக்கு உங்களுக்கு உரியது 17,500 மட்டும். நீங்கள் 28,000 கூடுதலாக வாங்கிவிட்டீர்கள், வங்கி அதை முதலிலிருந்து கழிக்கும். கைக்கு வருவது 972,000. "முதலிலேயே கை வைச்சிட்டாங்கள்" என்று கவுண்டரில் எழும் சத்தத்துக்குக் காரணம் பெரும்பாலும் இதுதான். வங்கி எடுத்தது முதலை அல்ல, முன்னர் தந்த வட்டியை. ஆனாலும் நோயாளியை ஆஸ்பத்திரியில் விட்டுவிட்டு வந்தவருக்கு அந்த விளக்கம் காதில் ஏறாது. அதனால் உடைத்தால் என்ன வீதம் என்பதை வைக்கும் நாளிலேயே கேட்டு, சான்றிதழின் பின்பக்கத்தில் பென்சிலால் எழுதி வையுங்கள்.

இப்போது, உங்களுக்கு வேண்டியது 3 லட்சம்தான் என்று வைத்துக்கொள்வோம். 10 லட்சச் சான்றிதழை உடைத்தால் இழப்பு 28,000. ஐந்து லட்சமாகப் பிரித்து வைத்திருந்தால் ஒன்றை மட்டும் உடைக்கலாம், இழப்பு 14,000. மூன்றாவது வழி, வைப்பை உடைக்காமல் அதன் மேல் கடன் எடுப்பது. சான்றிதழைப் பிணையாக வைத்து அதன் பெறுமதியில் ஒரு பகுதியை வங்கி அன்றோ மறுநாளோ தரும். வட்டி உங்கள் வைப்பு வீதத்தைவிடச் சில சதவீதம் கூட. 10.8 சதவீதம் என்று எடுத்தால் 3 லட்சத்துக்கு ஐந்து மாதத்தில் 13,500 ரூபா. வைப்பின் மாத வட்டி வழமைபோல் வந்துகொண்டிருக்கும்.

14,000க்கும் 13,500க்கும் பெரிய வித்தியாசம் இல்லையே என்று தோன்றலாம். இந்த எடுத்துக்காட்டில் உண்மைதான். வைப்பு முடிய ஓரிரு மாதமே இருந்தால் கடன்தான் மலிவு, ஏனெனில் கடன் வட்டி கொஞ்ச நாளுக்குத்தான் ஓடும், உடைத்தாலோ பத்து மாத வட்டிக்கும் வெட்டு விழும். வைத்து ஒரு மாதம்தான் ஆகிறது, கடனை அடைக்க வேறு வழியும் இல்லை என்றால் சிறிய சான்றிதழ் ஒன்றை உடைப்பதே நல்லது. இரண்டு தொகையையும் எழுதித் தரும்படி அலுவலரிடம் கேளுங்கள், அவர்களுக்கு அது ஐந்து நிமிட வேலை.

முடியிற திகதியை மறந்துபோனால்?

பெரும்பாலான வங்கிகளில் அதே காலத்துக்குத் தானாகப் புதுப்பிக்கப்படும், ஆனால் அன்றைய வீதத்தில். அன்றைய வீதம் என்ற இந்த இரண்டு சொல்லில்தான் விடயம் இருக்கிறது. 2022இன் இறுதியில் ஒரு வருட வைப்புக்கு 20 சதவீதத்துக்கு மேல் கிடைத்தது. அடுத்த வருடம் மத்திய வங்கி வட்டியைக் குறைக்கத் தொடங்கியது, அதன் பிறகு புதுப்பித்தவர்களின் மாத வருமானம் பாதிக்கும் கீழே போனது. முழுப் பணத்தையும் ஒரே திகதியில் வைத்திருந்தவர்களுக்கு அது ஒரே மாதத்தில் வந்த அடி. பிரித்து வைத்தவர்களுக்குப் படிப்படியாக வந்தது, செலவைச் சரிக்கட்ட நேரம் கிடைத்தது. வீதம் வழமைக்கு மீறி உயர்ந்திருக்கும் காலத்தில் ஒரு பகுதியை இரண்டு வருடத்துக்கோ ஐந்து வருடத்துக்கோ கட்டிவைப்பது இதனால்தான் நல்லது.

ஆறு திகதிகளையும் வீட்டுக் கலண்டரில் வட்டமிடுங்கள். முடிவதற்கு ஒரு கிழமை முன்னர் போனால் காலத்தை மாற்றலாம், வேறு வங்கிக்கு எடுக்கலாம். தானாகப் புதுப்பித்த பின் எடுத்தால் அது காலத்துக்கு முன் உடைத்த கணக்கில் சேர்ந்துவிடக்கூடும்.

மனிசியின்ர பேரையும் சேர்த்துப் போடவோ, பின்னுரித்தாளி போட்டால் காணுமோ?

கணவன் மனைவிக்கு இரண்டு பெயரிலும் வைப்பதே வசதி. ஆனால் விண்ணப்பத்தில் "இருவரில் ஒருவர் அல்லது உயிருடன் இருப்பவர்" என்ற அறிவுறுத்தலைத் தெரிவு செய்ய வேண்டும். "இருவரும் சேர்ந்து" என்று போட்டுவிட்டால், ஒருவர் பாரிசவாதத்தில் படுத்துவிட்ட நாளில் மற்றவரால் ஒரு சதமும் எடுக்க முடியாது. பின்னுரித்தாளி என்பவர் நீங்கள் இருக்கும்வரை கணக்கைத் தொட முடியாது, உங்களுக்குப் பிறகு பணத்தைப் பெறுபவர். எப்போது வேண்டுமானாலும் அவரை மாற்றலாம். இரண்டும் இல்லாவிட்டால் பிள்ளைகள் நீதிமன்றம்வரை போக வேண்டி வரலாம், அதிலும் ஒருவர் ரொறன்ரோவிலும் ஒருவர் லண்டனிலும் இருந்தால் கையொப்பம் சேர்க்கவே மாதக்கணக்காகும்.

பெயர் எழுத்தைக் கவனியுங்கள். எங்கள் ஊரில் தகப்பன் பெயர் அடையாள அட்டையில் ஒரு விதமாகவும், பிறப்புச் சான்றிதழில் வேறு விதமாகவும், வங்கிப் புத்தகத்தில் இன்னொரு விதமாகவும் ஆங்கிலத்தில் எழுதப்பட்டிருப்பது சாதாரணம். கந்தையாவில் ஓர் எழுத்துக் கூடக்குறைய இருந்தால் உயிருடன் இருக்கும்போது யாரும் கவனிக்க மாட்டார்கள். பிறகு பணம் கேட்கப் போகும் பிள்ளையிடம் சத்தியக் கடதாசி கேட்பார்கள். வைப்பை அடையாள அட்டையில் உள்ளபடியே எழுதுவியுங்கள்.

கையொப்பமும் அப்படித்தான். கை நடுங்கத் தொடங்கினால் பழைய மாதிரிக் கையொப்பத்தோடு பொருந்தாது. திருப்பி அனுப்பும்வரை காத்திராமல் கிளைக்குப் போய் புதிய மாதிரி கொடுத்துவிடுங்கள், பெருவிரல் அடையாளமும் வைக்கலாம்.

வைக்கப் போகும்போது என்னென்ன கொண்டு போக வேணும்?

அடையாள அட்டை, வதிவிடத்தைக் காட்ட கரண்ட் பில் அல்லது கிராம அலுவலரின் சான்றிதழ், வரி அடையாள இலக்கம், வட்டி விழ வேண்டிய சேமிப்புக் கணக்குப் புத்தகம். இரண்டு பெயர் என்றால் இருவரும் போக வேண்டும். சான்றிதழ் கைக்கு வந்ததும் அங்கேயே நின்று பெயர், தொகை, வீதம், முடியும் திகதி, "மாதாந்தம்" என்ற சொல், வட்டி போகும் கணக்கு இலக்கம் ஆகியவற்றை வாசியுங்கள். "முதிர்ச்சியில்" என்று இருந்தால் அடுத்த மாதம் ஒன்றும் வராது.

வீட்டை வந்து ஒரு தம்பி மாதம் இரண்டு சதவீதம் தாறம் எண்டு சொல்லுறார். நம்பலாமோ?

மாதம் இரண்டு என்றால் வருடத்துக்கு 24. வங்கிகள் 8 கொடுக்கும் காலத்தில் 24 கொடுப்பவர் உங்கள் பணத்தை எங்கே போட்டு அதைவிடக் கூட உழைக்கிறார் என்று கேளுங்கள். பதில் தெளிவாக வராது.

நிறுவனத்தின் பெயரை இலங்கை மத்திய வங்கியின் இணையத்தளமான cbsl.gov.lk இல் உள்ள உரிமம் பெற்ற நிறுவனங்களின் பட்டியலில் பாருங்கள், அல்லது 1935க்கு அழைத்துக் கேளுங்கள். உரிமம் பெற்ற நிறுவனமாகவே இருந்தாலும், தருகிற கடதாசி எது என்று பாருங்கள். நிலையான வைப்பு என்று வாயால் சொல்லிவிட்டு ஆயுள் காப்புறுதியில் கையொப்பம் வாங்குவதும் நடக்கிறது. வருடா வருடம் இவ்வளவு கட்ட வேண்டும் என்றோ, காப்புறுதி செய்யப்பட்டவர் என்றோ எங்காவது இருந்தால் அது வைப்பு அல்ல. பணத்தை வீட்டில் வைத்து யாரிடமும் கையில் கொடுக்காதீர்கள். கவுண்டரில் கட்டி, அச்சடித்த பற்றுச்சீட்டோடுதான் திரும்ப வேண்டும்.

சான்றிதழ் துலைஞ்சு போச்சு. காசும் போச்சோ?

இல்லை. பணம் வங்கியின் பதிவில் இருக்கிறது, சான்றிதழ் அதற்கான அத்தாட்சிதான். கிளையில் உடனே எழுத்தில் அறிவித்து, பொறுப்பேற்புக் கடிதம் ஒன்றில் கையொப்பமிட்டால் பிரதி தருவார்கள். சான்றிதழ் இலக்கம் தெரிந்தால் வேலை சுருக்கமாக முடியும், ஆகவே ஆறு இலக்கங்களையும் ஒரு கொப்பியில் எழுதி, அந்தக் கொப்பி எங்கே இருக்கிறது என்பதை வீட்டில் இன்னொருவருக்காவது சொல்லி வையுங்கள்.